எண்பது வயதும் பன்னிரண்டு மாதமும்



நம் கீரனூர்ப் பக்கம் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய பெற்றோர் பலருக்கு 2015, 2016 வாக்கில் பத்தாண்டு விசா கிடைத்தது. பேரன் பேத்தி பிறந்த நேரத்தில் போய் இறங்கிய தலைமுறை அது. அந்த விசாக்கள் இப்போது வரிசையாகக் காலாவதி ஆகின்றன. அதனால் கடைத்தெருவில் நின்று பேசினாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஒரு கேள்வி காதில் விழுகிறது. "திரும்பவும் மெட்ராஸ் போய் இன்டர்வியூவுக்கு நிக்கணுமா, இல்ல டிராப் பாக்ஸ்ல போட்டாப் போதுமா?"

இதற்கு ஊரில் சொல்லப்படும் பதில்களில் பாதி பழைய விதி. "எண்பது ஆயிட்டா இன்டர்வியூ கிடையாது" என்பது அதில் முதன்மையானது. அது உண்மையாக இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். இன்று வயதைப் பார்த்து யாருக்கும் சலுகை தருவதில்லை. பழைய விசா என்றைக்கு முடிந்தது என்ற தேதியைப் பார்த்துத்தான் தருகிறார்கள். ஆகவே அடுத்த பயணம் எப்போது என்று தெரியாவிட்டாலும், அந்தத் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதம் ஓடி முடிவதற்குள் புதுப்பித்து வைத்துவிடுவதுதான் வயதானவர்களுக்கு நல்லது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் டிராப் பாக்ஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். பெயரைக் கேட்டால் தபால் பெட்டி போலத் தோன்றும். உண்மையில் அது நேர்காணல் விலக்கு. விண்ணப்பப் படிவம், கட்டணம், தூதரகத்தின் பரிசீலனை எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளது போலவே உண்டு. துணைத் தூதரகத்தின் ஜன்னலுக்கு முன்னால் நின்று அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்வது மட்டும் இல்லை. பாஸ்போர்ட்டையும் பழைய விசாவையும் போட்டோவையும் விசா விண்ணப்ப மையத்தில் ஒப்படைத்தால், அதிகாரி தாள்களை வைத்தே முடிவு செய்வார். நம் ஓய்வூதியர் நேர்காணலோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். நாம் உயிரோடு இருக்கிறோமா என்று கருவூலத்துக்கு நேரில் போய்க் காட்டலாம். வீட்டுக்கு வரும் தபால்காரரின் கருவியில் விரலை வைத்தும் காட்டலாம். இரண்டிலும் சோதனை ஒன்றுதான், வழிதான் வேறு.

அமெரிக்கச் சட்டப்படி, சுற்றுலா போன்ற தற்காலிக விசா கேட்பவர்களில் 14 வயது முதல் 79 வயது வரை உள்ளவர்கள் நேர்காணலுக்கு வர வேண்டும். அதற்குக் குறைந்தவர்களுக்கும் கூடியவர்களுக்கும் விலக்கு தரலாம். "எண்பது ஆனால் இன்டர்வியூ இல்லை" என்ற ஊர்ப்பேச்சு பிறந்தது இங்கேதான். இதோடு, அதே வகை விசாவைப் புதுப்பிப்பவர்களுக்கும் விலக்கு தரச் சட்டத்தில் இடம் உண்டு. கொரோனா காலத்தில் தூதரகங்கள் மூடிக் கிடந்து கூட்டம் தேங்கியதால், புதுப்பிப்பவர்களுக்கான கெடுவை 2021-இல் 48 மாதமாக நீட்டினார்கள். விசா முடிந்து நான்கு ஆண்டு வரை டிராப் பாக்ஸில் போடலாம் என்றிருந்தது. நம் ஊரில் பலர் அந்தக் கணக்கைத்தான் இன்னும் மனதில் வைத்திருக்கிறார்கள்.

2025-இல் இது இரண்டு படியாக இறங்கியது. பிப்ரவரியில் 48 மாதம் 12 மாதமானது. பிறகு செப்டம்பர் 2 முதல் வயதுக்கான விலக்கையும் பொதுவாக எடுத்துவிட்டார்கள். கைக்குழந்தையானாலும் தொண்ணூறு வயதுக் கிழவியானாலும் நேர்காணல்தான். அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த விதியிலும் அதே நிலைதான். தூதர்கள், அரசு அலுவலாகச் செல்வோர் போன்ற சிலரை விட்டுவிட்டால், நம்மைப் போன்றவர்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரே வாசல். பி-1/பி-2 என்ற வருகையாளர் விசாவைப் புதுப்பிப்பவர்களுக்கான வாசல் அது.

அந்த வாசலில் நுழைய என்னென்ன வேண்டும்? பழைய விசா முழுக் காலத்துக்குத் தரப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு அது பொதுவாகப் பத்தாண்டு. ஏதோ காரணத்தால் ஓராண்டுக்கு மட்டும் கொடுத்திருந்தால் அது கணக்கில் வராது. விசா முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய விசா வாங்கியபோது வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டிருக்கக் கூடாது. அப்படி மறுத்திருந்தாலும் அந்த மறுப்பு பிறகு நீங்கியிருக்க வேண்டும். கடைசியாக, தகுதியின்மைக்கான அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது. இத்தனையும் இருந்தாலும், நேரில் வரச் சொல்லும் உரிமை அதிகாரிக்கு எப்போதும் உண்டு.

விதியாகப் படித்தால் தலை சுற்றும். ஒரு குடும்பத்தை வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். எனக்குத் தெரிந்த வீடுதான், பெயர் வேண்டாம்.

அண்ணனுக்கு வயது 81. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் விசா 2025 ஜூன் 9-ஆம் தேதி முடிந்தது. மதினிக்கு 76. அவர் விசா 2026 அக்டோபர் 20 வரை இருக்கிறது. அவர்களோடு இருந்து படித்த மகள் வயிற்றுப் பேரனுக்கு 23. அவனுக்கும் 2016-இல், பதின்மூன்று வயதில், பத்தாண்டு விசா வாங்கியிருந்தார்கள். டல்லாஸில் இருக்கும் மகன் 2025 ஆகஸ்டில் போனில் சொன்னான்: "அப்பாவுக்குத்தான் எண்பது தாண்டிருச்சே, எப்ப வேணும்னாலும் டிராப் பாக்ஸ்ல போட்டுக்கலாம். அம்மாவுக்கு முடியட்டும், சேர்த்துப் பாப்போம்." அவன் சொன்ன அன்றைக்கு அது சரியான பேச்சு. அடுத்த மாதம் அது தவறாகிவிட்டது.

இப்போது ஒவ்வொருவராகப் பார்ப்போம். அண்ணனுக்கு வயது உதவாது. ஆனால் தேதி உதவுகிறது. 2026 ஜூன் 8-க்குள் அவர் தாள்களை ஒப்படைத்துவிட்டால் விலக்குக்குள் வருகிறார். மகன் சொன்னபடி மதினியின் விசா முடியும் அக்டோபர் வரை காத்திருந்தால் அவர் நேர்காணல் வரிசைக்குப் போய்விடுவார். ஆகவே மதினிக்காக அண்ணன் காத்திருக்கக் கூடாது, அண்ணனுக்காக மதினிதான் முந்த வேண்டும். விசா உயிரோடு இருக்கும்போதே, முடிவு நெருங்குகையில் புதுப்பிக்கத் தடையில்லை. புதியது தரும்போது பழையதை ரத்து செய்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஆகவே 2026 தொடக்கத்திலேயே இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் இரண்டு பேருக்கும் ஒரே பயணத்தில் வேலை முடியும்.

மதினிக்கு இன்னொரு சங்கதி உண்டு. 2014-இல் முதன்முதலில் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். 2016-இல்தான் கிடைத்தது. "ஒருமுறை ரிஜெக்ட் ஆனவங்களுக்கு டிராப் பாக்ஸ் இல்லியாமே" என்று அவர் பயந்தார். மறுப்புக்குப் பிறகு விசா தந்துவிட்டார்கள் என்றாலே அந்த மறுப்பு நீங்கிவிட்டது. விசா கிடைத்ததற்குப் பின்னால் ஒரு மறுப்பு வந்திருந்தால்தான் சிக்கல். ஆனால் டிஎஸ்-160 படிவத்தில் "எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா" என்று கேட்கும் இடத்தில் ஆம் என்றுதான் எழுத வேண்டும். நீங்கிய மறுப்பும் மறுப்புதான். அதை மறைத்தால், இல்லாத சிக்கலை நாமே உண்டாக்கிக் கொள்கிறோம். அவர்களுடைய கணினியில் 2014 அப்படியே இருக்கிறது.

பேரனுக்கு விலக்கு கிடையாது. பழைய விசா வாங்கியபோது அவன் சிறுவன். இன்று 23 என்பதால் பயனில்லை, அன்று 13 என்பதுதான் கணக்கு. அவன் நேர்காணலுக்குப் போக வேண்டும். அவன் விண்ணப்பத்தைத் தாத்தா பாட்டியோடு ஒரே கட்டாகக் கட்டாமல் தனியாகப் போடுவதே நல்லது. ஒருவருக்குத் தகுதி இல்லாததால் மூவரும் வரிசையில் நிற்க நேரக் கூடாது.

அந்த வீட்டுக்கு எதிர் வீட்டு மாமாவின் கதை வேறு. அவர் விசா 2024 ஜனவரியிலேயே முடிந்தது. 48 மாதக் கணக்குப்படி 2028 ஜனவரி வரை நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். 2025 பிப்ரவரியில் கெடு 12 மாதமானபோது, அவருடைய பன்னிரண்டு மாதம் ஏற்கெனவே கடந்து போயிருந்தது. கடந்து போனது போனதுதான். இனி அவருக்கு நேர்காணல் ஒன்றே வழி.

நான் முன்கூட்டியே புதுப்பிக்கச் சொல்வது இதனால்தான். அடுத்த ஆண்டு இந்தப் பன்னிரண்டு மாதமும் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. சென்ற சில ஆண்டுகளில் விதி நீண்டது, பிறகு சுருங்கியது. அதிலும் சுருங்கும்போது விரைவாகச் சுருங்கியது.

"போகிற திட்டமே இல்லை, எதற்கு 185 டாலர் தண்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நம் பணத்தில் அது பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராத பணம். ஆனால் மறுபக்கம் என்ன என்று பாருங்கள். கெடு தவறினால் இரண்டு முறை போக வேண்டும். முதலில் விசா விண்ணப்ப மையத்தில் ஒருநாள், பிறகு ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள துணைத் தூதரகத்தில் இன்னொரு நாள். இங்கிருந்து திருச்சிக்குப் பஸ், அங்கிருந்து இரவு ரயில், சென்னையில் தங்க ஓர் இடம், துணைக்கு ஒரு ஆள், திரும்ப அதே பாதை. முழங்கால் வலி உள்ளவருக்கு இது பணக்கணக்கு அல்ல, உடம்புக்கணக்கு. அதைவிடப் பெரியது காத்திருப்பு. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் இந்தியாவில் முதல்முறை வருகையாளர் விசா நேர்காணலுக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்ததை நாம் பார்த்தோம். மகளுக்குப் பிரசவம் என்றோ மகனுக்கு அறுவை சிகிச்சை என்றோ திடீரென்று போக வேண்டிய நாளில் கையில் விசா இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

திட்டம் இல்லாமல் விண்ணப்பிப்பது பொய்யாகாதா என்று ஒருவர் கேட்டார். ஆகாது. குறிப்பிட்ட பயணத் திட்டம் உண்டா என்று படிவமே கேட்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டு, உத்தேசமாக எப்போது, எத்தனை நாள் என்று எழுதலாம். ஆனால் இனி அந்தப் பக்கம் போகவே மாட்டோம் என்று முடிவு செய்தவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் அந்தப் பணத்தில் ராமேஸ்வரம் போய் வரலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். பாஸ்போர்ட் முடிவதும் விசா முடிவதும் வேறு வேறு. விசாவுக்கு இன்னும் ஐந்தாண்டு இருந்து, பாஸ்போர்ட் மட்டும் முடிந்தால், திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்தில் புது பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு இரண்டையும் சேர்த்து எடுத்துப் போனால் போதும். விசாவைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. பழைய பாஸ்போர்ட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிராப் பாக்ஸுக்கும் அந்தப் பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட்தான் ஆதாரம்.

சரி, எல்லாத் தகுதியும் இருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வருவது எப்போது? ஒப்படைத்த பாஸ்போர்ட் விசா இல்லாமல் திரும்பி வரும். உள்ளே 221-ஜி என்ற எண் குறித்த ஒரு தாள் இருக்கும். நேர்காணலுக்கு நேரம் வாங்கி வாருங்கள் என்று அதில் எழுதியிருக்கும். இதைப் பார்த்ததும் "ரிஜெக்ட் ஆகிவிட்டது" என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும். தாளை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியவில்லை, நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

நம் ஆட்களுக்கு இது நேரக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். பழைய பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தவர்களுக்கு, அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, சொந்தப் பெயர் இடத்தில் பெயர் இல்லை என்று குறிக்கும் மூன்றெழுத்தைப் போட்டிருப்பார்கள். புது பாஸ்போர்ட் எடுக்கும்போது இன்ஷியலை விரித்து அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சேர்த்துவிட்டால், இரண்டு ஆவணத்திலும் இரண்டு ஆள் போலத் தெரியும். பிறந்த தேதியைத் திருத்தியவர்களுக்கும் அப்படியே. இதனால் விசா போய்விடாது, ஆனால் அதிகாரிக்குக் கேள்வி எழலாம். ஆகவே பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பெயரை இருந்தபடியே விடுங்கள் என்பது என் யோசனை.

இரண்டாவது, தங்கிய கணக்கு. விசா பத்தாண்டு என்றால் பத்தாண்டு தங்கலாம் என்பதல்ல. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அங்குள்ள அதிகாரி எந்தத் தேதி வரை என்று தருகிறார், பெரும்பாலும் ஆறு மாதம். அதைத் தாண்டி அனுமதி இல்லாமல் தங்கியிருந்தால் அது தகுதியின்மைக்கான அறிகுறி. அனுமதி கேட்டு நீட்டித்தவர்கள் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். குற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், ஆறு மாதம் அங்கே, நான்கு மாதம் இங்கே என்று ஆண்டு தோறும் போய் வந்தவரைப் பார்த்து, இவர் வருகையாளரா, குடியிருப்பவரா என்று ஓர் அதிகாரி கேட்கத்தானே செய்வார்?

அழைப்பு வந்தால் போய் வாருங்கள். சென்னையில் தமிழிலும் பதில் சொல்லலாம். இத்தனை முறை போய் ஒழுங்காகத் திரும்பி வந்திருக்கிறோம் என்பதே நம்மிடம் உள்ள பெரிய ஆதாரம். எப்போது போனேன், எப்போது வந்தேன், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு மட்டும் நேராகச் சொன்னால் போதும்.

விண்ணப்பத்தில் பிள்ளைகளோ பிரௌசிங் சென்டர் தம்பியோ உதவலாம். உதவியது யார் என்று படிவத்திலேயே ஓர் இடம் உண்டு, அதை எழுத வேண்டும். நேரம் பதிவு செய்யும் தளத்தில் வரும் கேள்விகளுக்கு நாம் தரும் பதிலை வைத்துத்தான் டிராப் பாக்ஸா நேர்காணலா என்று அது காட்டும். "நான் டிராப் பாக்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். பதிலை மாற்றிப் போட்டு அந்தப் பக்கத்தைக் கடத்திவிடலாம். ஆனால் தாள்களைப் பார்க்கும்போது தகுதி இல்லை என்று தெரிந்து திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் ஓடிப்போகும் நாட்களும், பொய்ப் பதிலின் பழியும் நம் கணக்கில்தான் விழும். இறுதிக் கையெழுத்துக்கான பொத்தானை விண்ணப்பதாரர்தான் அழுத்த வேண்டும் என்று வைத்திருப்பதும் அதனால்தான்.

எண்பதைத் தாண்டியவர்களுக்கான விலக்கை எடுத்தது சரியல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரை உள்ளே விடுவது என்பது அந்த நாட்டின் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் விலக்கு தர அவர்கள் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மாறியது வெளியுறவுத் துறையின் நடைமுறைதான். முதல்முறை கேட்கும் 85 வயது அப்பத்தாவை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நம் ஊரில் முதியவர்களுக்காகத் தபால்காரர் வீட்டுக்கு வருகிறார். அங்கே அதற்கு நேர்மாறாகப் போகிறார்கள். நடைமுறையாக வந்தது நடைமுறையாகவே மாறலாம். மாறும் வரை நாம் நம்ப முடிந்தது அந்தத் தேதியை மட்டும்தான்.

ஆகவே இன்று மாலையே பீரோவைத் திறந்து பழைய பாஸ்போர்ட்டை எடுத்து, விசாவில் உள்ள முடிவுத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அதோடு பன்னிரண்டு மாதத்தைக் கூட்டி, அதிலிருந்து மூன்று மாதத்தைக் கழியுங்கள். அதுதான் உங்கள் கெடு. படிவம் நிரப்பும் நாள் மட்டுமல்ல, தாள்களை ஒப்படைக்கும் நாளும் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மூன்று மாதம். பணம் கட்டுவதற்கு முன் பிள்ளைகளை விட்டு travel.state.gov தளத்தில் அன்றைய விதியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அண்ணனும் மதினியும் தை பிறந்ததும் விண்ணப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.